பல்லில் கடித்த பேனா

1979 என்று நினைவு. ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையால் சுற்றும் ஃபாசிட் கணக்கு இயந்திரம் ஒன்று என் மேசையில் இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி வலது தோள் வலிக்கும். ஒருநாள் நெல் வயல் சோதனை ஒன்றின் மகசூல் கணக்கு வந்தது. ஆறு விதமான உர அளவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்தி, மொத்தம் 24 பாத்திகள். கணக்குப் போட்டுப் பார்த்தால், மேலதிகாரி எதிர்பார்த்த புது உர அளவுக்கும் பழையதற்கும் வித்தியாசம் இருந்தது. ஆனால் அட்டவணையில் உள்ள 5 சதவீதக் கோட்டை அது தாண்டவில்லை. கொஞ்சம்தான் குறைந்தது.

"புது உரம் போட்ட பாத்தி ஒண்ணுல எலி பூந்துடுச்சு இல்ல? அதை எடுத்துட்டுப் போடுங்க" என்றார். எலி புகுந்தது உண்மைதான், வயல் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. எடுத்துவிட்டுப் போட்டேன். கோட்டைத் தாண்டியது. அறிக்கை போயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அதே குறிப்பேட்டில், அதே புது உரம் போட்ட இன்னொரு பாத்தியிலும் எலி என்று எழுதியிருந்தது. அந்தப் பாத்தியில் மகசூல் நன்றாக வந்திருந்ததால் யாருக்கும் எலி ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாங்கள் யாரும் பொய் எண் எழுதவில்லை. ஆனாலும் அந்த முடிவு எலியால் வந்ததா, உரத்தால் வந்ததா, எங்கள் ஆசையால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் தம்பி மகள். வெளிநாட்டில் உளவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினியில் ஒரு கட்டுரையைக் காட்டினாள். முதியவர்களின் ஞாபக சக்தி பற்றியது. படித்துக்கொண்டே போனேன். "சேர்க்கப்படுவார்கள்", "நீக்கப்படுவார்கள்", "ஒப்பிடப்படும்" என்று எல்லா வாக்கியமும் எதிர்காலத்தில் இருந்தது. முடிவுகள் என்ற பகுதியே இல்லை.

"என்னம்மா, பாதியிலேயே நிக்குது?"

"இன்னும் ஒருத்தரைக்கூடச் சோதிக்கலை பெரியப்பா. இதைத்தான் பத்திரிகைக்கு அனுப்பப் போறேன்."

ஆராய்ச்சி செய்வதற்கு முன்பே ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்புவதா என்று முதலில் சிரித்தேன். அவள் ஊருக்குப் போனபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் படித்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பேனாவின் கதை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1988. ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக் என்ற ஜெர்மானிய உளவியலாளரும், லெனர்ட் மார்ட்டின், சபீன் ஸ்டெப்பர் என்ற இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேள்வி மிகப் பழையது. சந்தோஷம் வந்தால் சிரிக்கிறோம், சரி. சிரித்தால் சந்தோஷம் வருமா? டார்வினும் வில்லியம் ஜேம்ஸும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சோதிப்பதில்தான் சிக்கல். "சிரியுங்கள், இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று எவருக்கும் தெரிந்துவிடும். ஸ்ட்ராக் குழு ஒரு தந்திரம் செய்தது. உடல் ஊனமுற்றோர் கைக்குப் பதிலாக வாயால் எப்படி வேலை செய்யலாம் என்று பார்க்கிறோம் என்று மாணவர்களிடம் சொல்லி, ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். சிலர் உதடு படாமல் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். நீங்களே கண்ணாடி முன் செய்து பாருங்கள், முகம் சிரிப்பது மாதிரி விரியும். சிலர் பல் படாமல் உதட்டால் மட்டும் பிடிக்க வேண்டும். அப்போது முகம் குவிந்து, சிரிக்கவே முடியாது. மூன்றாவது குழு கையில் பிடித்துக்கொண்டது. அப்படியே கோடு போடுவது, எண்களை இணைப்பது என்று சில வேலைகள். கடைசியில் கேலிச்சித்திரங்களைப் பார்த்து, எவ்வளவு வேடிக்கை என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும்.

பல்லால் கடித்தவர்கள் சராசரியாக 5.14 போட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் 4.77. உதட்டால் பிடித்தவர்கள் 4.32. எதிர்பார்த்த வரிசையிலேயே வந்தது. பல்லுக்கும் உதட்டுக்கும் வித்தியாசம் 0.82. இந்த எண்கள் பாடப்புத்தகங்களில் ஏறி, பல வருடம் வகுப்புகளில் சொல்லப்பட்டன.

ஒரு பழைய புள்ளியியல்காரனாக எனக்கு ஒரு சிறு விஷயம் கண்ணில் பட்டது. அந்தச் சோதனையில் மொத்தம் 92 பேர். அதாவது குழுவுக்கு ஏறத்தாழ 30. உண்மையில் வித்தியாசமே இல்லை என்றாலும் இப்படி ஒரு வரிசை தற்செயலாக வரும் வாய்ப்பு 3 சதவீதம் என்று கட்டுரை சொல்கிறது. ஆனால் அது ஒரு பக்கச் சோதனை. "இந்தத் திசையில்தான் வித்தியாசம் வரும், எதிர்த்திசையை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்" என்று பந்தயம் கட்டுவது ஒரு பக்கச் சோதனை. இரண்டு திசையையும் பார்த்தால் அதே எண் ஏறத்தாழ 7 சதவீதம் ஆகிவிடும், 5 சதவீதக் கோட்டைத் தாண்டாது. திசையை முன்கூட்டியே சொன்னவருக்கு ஒரு பக்கச் சோதனை முழுக்க நியாயமானது. அவர்களுடைய கொள்கையும் தெளிவாக ஒரே திசையைத்தான் சொன்னது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே சொன்னார்களா, பிறகு முடிவு செய்தார்களா என்பது வெளியில் இருந்து படிப்பவருக்குத் தெரிய அந்தக் காலத்தில் வழியே இல்லை. என் எலிப் பாத்தி மாதிரிதான்.

இந்த மாதிரி "பிறகு முடிவு செய்வது" எவ்வளவு தூரம் போகும் என்பதை 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூவர் வேடிக்கையாகவே நிரூபித்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறொரு இசையைக் கேட்டவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று கணக்கால் காட்டினார்கள். பாட்டுக் கேட்டு யாருக்கு வயது குறையும்? எண்கள் எதுவும் பொய்யல்ல. எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த அளவையை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, எதைச் சரிக்கட்டுவது என்பதையெல்லாம் கணக்கைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்தார்கள். அப்படி நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் "இருக்கிறது" என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது.

மருந்து யோசனைக்கு வருவோம். திட்டத்தை முதலில் வாங்கி, அதை வைத்தே கட்டுரையை ஏற்பது என்ற யோசனை புதிது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1970-களின் நடுவில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஜான்சன் என்ற பேராசிரியர் இதை ஒரு பத்திரிகையில் நடத்திக் காட்டினார். அது எந்தத் துறை என்று கேட்டால் சிரிப்பீர்கள். மனத்தால் மனத்தை அறிவது, வருவதை முன்பே உணர்வது போன்ற அமானுஷ்ய விஷயங்களை ஆராயும் பத்திரிகை! யோசித்தால் ஆச்சரியமில்லை. உலகமே சந்தேகத்தோடு பார்க்கும் துறையில் இருப்பவர்தான் சந்தேகத்துக்கு இடமில்லாத முறையைத் தேடுவார். அந்தப் பத்திரிகையின் 17 வருட இதழ்களைப் பின்னாளில் ரிச்சர்ட் வைஸ்மனும் கூட்டாளிகளும் எடுத்துப் பார்த்தார்கள். திட்டம் முன்பே கொடுத்த ஆய்வுகளில், கொடுக்காதவற்றைவிட, "கண்டுபிடித்துவிட்டோம்" என்பது குறைவாகவே வந்திருந்தது. ஆனால் அக்கம்பக்கத்துத் துறையினர் யாரும் அந்தப் பத்திரிகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2012-இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் சேம்பர்ஸ், தான் ஆசிரியர் குழுவில் இருந்த 'கார்டெக்ஸ்' என்ற மூளை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி இதையே கேட்டார். 2013-இல் அங்கே 'ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்' என்ற பெயரில் தொடங்கியது. தமிழில் பதிவு செய்த ஆய்வறிக்கை எனலாம். இன்று 300-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் இருக்கிறது. நடைமுறை இதுதான். முதல் கட்டத்தில் முன்னுரையும், கருதுகோளும், செய்முறையும், பகுப்பாய்வுத் திட்டமும் மட்டும் போகும். நிபுணர்கள் படித்துத் திருத்தச் சொல்வார்கள். திருப்தியானால் பத்திரிகை "கொள்கை அளவில் ஏற்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிடும். சொன்னபடி செய்தால், முடிவு எப்படி வந்தாலும் அச்சிடுவோம் என்பது அதன் பொருள். அதன்பிறகுதான் முதல் ஆளைச் சோதிக்கலாம். அதே 2013 வாக்கில் இன்னொரு பத்திரிகை, பழைய புகழ்பெற்ற சோதனைகளை இதே முறையில் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்க்க இடம் கொடுத்தது. ஸ்ட்ராக் தாமே முன்வந்து தம் பேனாச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பெரிய மனசுதான்.

ஆம்ஸ்டர்டாமின் வாகன்மேக்கர்ஸ் தலைமையில் அந்தத் திட்டம் எழுதப்பட்டது. இப்படி ஒரு திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் காரணம். ஏன் இந்தக் கேள்வி, எந்தக் கொள்கையிலிருந்து எந்த எதிர்பார்ப்பு வருகிறது என்பது. "முகத்துக்கும் உணர்ச்சிக்கும் தொடர்பு உண்டு" என்று எழுதினால் அது கருதுகோள் ஆகாது, எந்த முடிவு வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். "பல்லால் பேனாவைக் கடித்தவர்கள் நான்கு சித்திரங்களுக்குப் போடும் சராசரி மதிப்பெண், உதட்டால் பிடித்தவர்கள் போடுவதைவிடக் கூடுதலாக இருக்கும்" என்றால் அது கருதுகோள். யார், எது, எந்த அளவையில், எந்தத் திசையில் என்று நான்கும் அதில் இருக்கிறது. தோற்பதற்கும் வழி இருக்கிறது.

அடுத்தது எலிப் பாத்தி. யாரை நீக்குவது? சோதனையின் உண்மையான நோக்கத்தைச் சரியாக ஊகித்தவர்களை நீக்குவோம் என்றார்கள். சித்திரம் புரியவில்லை என்றவர்கள், நான்கு சித்திரங்களில் இரண்டிலோ அதற்கு மேலோ பேனாவைத் தவறாகப் பிடித்தவர்கள், தம் குழுவின் சராசரியிலிருந்து இரண்டரைத் திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளி நின்றவர்கள் ஆகியோரும் நீக்கப்படுவார்கள். இவை எல்லாமே எண்ணாகவோ ஆம்-இல்லை ஆகவோ இருப்பதைக் கவனியுங்கள். "பேனாவைச் சரியாகப் பிடிக்காதவர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை தடவை தவறினால் தவறு என்பதை மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு முடிவு செய்ய இடம் இருந்திருக்கும்.

மூன்றாவது, எத்தனை பேர்? இதைக் கைக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 2 என்று வைத்துக்கொள்வோம். 0.82 வித்தியாசம் உண்மையில் இருக்குமானால், அதைப் பத்துக்கு ஒன்பது தடவை பிடிக்க வேண்டும் என்றால், இரு பக்கச் சோதனையில் குழுவுக்கு ஏறக்குறைய 125 பேர் வேண்டும். பழைய சோதனையில் இருந்தது குழுவுக்கு 30. அந்த அளவில் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் பிடிபடும். வித்தியாசம் பாதியாகிவிட்டால், ஆள் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வேண்டும், அதாவது குழுவுக்கு 500. எங்கள் காலத்தில் "கிடைத்தவரை" என்பதுதான் மாதிரி அளவு. திட்டத்தில் அந்தப் பதில் செல்லாது. எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள், ஏன் அந்த எண் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் முடிவு பிடித்த இடத்தில் நிறுத்திவிடலாம், வேகும்வரை அடுப்பை அணைக்காத மாதிரி. பேனாத் திட்டத்தில் ஒவ்வொரு ஆய்வகமும் குழுவுக்குக் குறைந்தது 50 பேர் சேர்க்க வேண்டும் என்று வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவோம் என்றார்கள்.

நான்காவதாக ஒன்று. எனக்கு இது படிக்கும்வரை தோன்றவே இல்லை. முடிவு "இல்லை" என்று வந்தால், அது உண்மையிலேயே இல்லையா, அல்லது சோதனை சொதப்பிவிட்டதா? அதைப் பிரித்துக் காட்டும் சோதனைகளையும் முன்பே எழுத வேண்டும். உதாரணமாக, சித்திரம் யாருக்குமே சிரிப்பு வராததாக இருந்தால் எல்லாரும் 0 போடுவார்கள். எல்லாருக்கும் விழுந்து விழுந்து சிரிக்கும்படி இருந்தால் எல்லாரும் 9. இரண்டிலும் பேனாவுக்கு வேலையே இல்லை. ஆகவே மாணவர்களிடம் முன்கூட்டியே காட்டி, நடுத்தரமாக வேடிக்கையான நான்கு சித்திரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பேனா சரியாகப் பிடிக்கப்பட்டதா என்று பின்னால் யாரும் வாதாடாமல் இருக்க, ஒவ்வொருவரையும் கேமராவில் பதிவு செய்தார்கள். இந்தக் கேமராவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கணக்கு. எந்தச் சோதனை, ஒரு பக்கமா இரு பக்கமா, எந்த எண் வந்தால் ஆம், எது வந்தால் இல்லை, எது வந்தால் சொல்ல முடியாது என்பது. இங்கே பலர் வழுக்குகிறார்கள். "தகுந்த புள்ளியியல் முறைகள் பயன்படுத்தப்படும்" என்று ஒரு வரி. அந்த வரியை நானே எத்தனை திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறேன்! திட்டம் தேறுமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. திட்டத்தையும், கற்பனையாக எழுதிய ஒரு தரவுப் பட்டியலையும், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே விடையோடு வந்தால் திட்டம் முழுமை. வேறு வேறு விடை வந்தால், வித்தியாசம் வந்த இடத்தில் ஏதோ ஒரு முடிவு எழுதப்படாமல் கிடக்கிறது.

17 ஆய்வகங்கள். 1,894 பேர். 2016-இல் முடிவு வெளியானது. பழைய 0.82 இருந்த இடத்தில் இப்போது 0.03. தவறுக்கு இடம் விட்டுச் சொன்னால் −0.11-க்கும் 0.16-க்கும் நடுவில் எங்கோ. சில ஆய்வகங்களில் பல் குழு கொஞ்சம் கூடுதல், சிலவற்றில் உதட்டுக் குழு கொஞ்சம் கூடுதல், சேர்த்தால் ஒன்றுமில்லை.

பழைய முறையாக இருந்தால் இந்த முடிவு யாருடைய அலமாரியிலாவது தூங்கியிருக்கும். முன்பே ஏற்கப்பட்டதால் அச்சில் வந்தது. இது ஒரு சோதனையின் கதை மட்டும் அல்ல. 2021-இல் ஆனே ஷீலும் கூட்டாளிகளும் உளவியலில் அதுவரை வந்த பதிவு செய்த அறிக்கைகள் 71-ஐயும், சாதாரண முறையில் வந்த கட்டுரைகள் 152-ஐயும் ஒப்பிட்டார்கள். சாதாரணக் கட்டுரைகளில் 96 சதவீதம் "எங்கள் கருதுகோள் சரி" என்றன. பதிவு செய்தவற்றில் 44 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை சரியாகச் சொல்லும் ஜோசியரை நம் ஊரில் யாராவது நம்புவோமா? (திரும்பச் செய்து பார்க்கும் ஆய்வுகள் பதிவு செய்தவற்றில் அதிகம் என்பதும் ஒரு காரணம், எல்லாமே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஸ்ட்ராக் சும்மா இருக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டியவற்றில் முக்கியமானது அந்தக் கேமரா. என் சோதனையில் கேமரா இல்லை, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் தன் உணர்ச்சியைக் கவனிப்பது மாறிவிடும் என்றார். வாதத்தைத் தவிர்க்க வைத்த கருவியே வாதத்துக்குக் காரணமாயிற்று. 2018-இல் ஜெருசலேமில் ஒரு குழு இதையும் முன்பதிவு செய்தே சோதித்தது. பாதிப் பேருக்குக் கேமரா, பாதிப் பேருக்கு இல்லை. கேமரா இல்லாதபோது பேனா வேலை செய்தது, இருந்தபோது செய்யவில்லை. அப்பாடா, விஷயம் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சரியாகக் கேட்க வேண்டிய கேள்வி, கேமரா இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே பேனாவின் விளைவு மாறுகிறதா என்பதுதான். ஒன்று கோட்டைத் தாண்டியது, இன்னொன்று தாண்டவில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது. 49 மார்க் எடுத்தவனும் 50 மார்க் எடுத்தவனும் வெவ்வேறு புத்திசாலிகள் என்று சொல்வது மாதிரி அது. அந்தச் சரியான கேள்விக்கு அவர்கள் தரவு தெளிவான பதில் தரவில்லை.

முன்கூட்டி எழுதிய திட்டம் உங்களை உங்கள் ஆசையிலிருந்து காப்பாற்றும். திட்டத்துக்குள்ளேயே தவறு இருந்தால் அதிலிருந்து காப்பாற்றாது. கேமரா வைப்பது என்பதும் முன்கூட்டியே எழுதி, நிபுணர்கள் படித்து, ஏற்ற ஒன்றுதான். அதனால்தான் இரண்டாம் கட்ட அறிக்கையில் இரண்டு தனிப் பகுதி வைக்கிறார்கள். திட்டப்படி செய்த கணக்கு ஒரு பகுதி. தரவைப் பார்த்த பிறகு தோன்றிய கணக்கு, "இது பிறகு தோன்றியது" என்ற தலைப்போடு இன்னொரு பகுதி. பிறகு தோன்றுவதற்குத் தடை இல்லை. முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள்ளத்தான் தடை. திட்டத்திலிருந்து விலக நேர்ந்தால் நடுவில் ஆசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும், விலகியதை அறிக்கையிலும் சொல்ல வேண்டும். முன்னுரையையும் கருதுகோளையும் மாற்றக் கூடாது, "செய்வோம்" என்பதைச் "செய்தோம்" என்று ஆக்கலாம்.

பிறகு நிக்கோலஸ் கோல்ஸ் என்ற இளைஞர், நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். எந்தச் சோதனையை, எப்படிச் செய்தால், எந்த முடிவை இரு தரப்பும் ஒப்புக்கொள்வீர்கள் என்று முதலில் பேசி முடித்து, எழுதி, அப்புறம்தான் தொடங்கினார்கள். 19 நாடுகள், 3,878 பேர். 2022-இல் வெளிவந்தது. படத்தில் சிரிப்பவரைப் பார்த்து அதே மாதிரி முகத்தை வைத்தவர்களுக்கும், சொன்னபடி முகத்தசைகளை அசைத்துச் சிரிப்பு மாதிரி வைத்தவர்களுக்கும், சந்தோஷம் கொஞ்சம் கூடியது. பேனா கடித்தவர்களிடம் மட்டும் தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆக, சிரித்தால் கொஞ்சம் சந்தோஷம் வரும் போலிருக்கிறது, பேனாதான் நம்ப முடியாத சாட்சி.

நடுவில் 2019-இல் ஸ்ட்ராக்குக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் கேலிப் பரிசு அது. பேனாவை வாயில் வைத்தால் சந்தோஷம் வரும் என்று கண்டுபிடித்ததற்காகவும், பிறகு வராது என்று கண்டுபிடித்ததற்காகவும் கொடுத்தார்கள்.

தம்பி மகளின் திட்டத்தை நிபுணர்கள் நான்கு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்களாம். ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. காது மந்தமானவர் காதொலிக் கருவி போடாமல் வந்தால் என்ன செய்வீர்கள், நீக்குவீர்களா, சேர்ப்பீர்களா, யார் எப்போது அதைப் பார்ப்பார் என்று கேட்டிருந்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. எனக்குக் காது இப்போது கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் அதை நானும் யோசிக்கவில்லை.

போனில் இதைச் சொன்னபோதுதான் அவளிடம் எலிப் பாத்திக் கதையைச் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாதது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வயல் நோட்டு இப்ப எங்க பெரியப்பா? இருந்தா அந்தப் பாத்தியையும் சேர்த்துத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமே" என்றாள்.

அந்த நோட்டு அலுவலகத்தோடு போயிற்று. கட்டடம் இடித்தபோது கரையான் தின்ற காகிதத்தையெல்லாம் வண்டியில் ஏற்றியதை நானே பார்த்தேன்.